சூடான பிரிவு

சூடான பிரிவு என்பது, திறவுகோல்-மதிப்பு வகைத் தரவுத்தளங்களில் வேண்டுகோள்களின் பெரும்பகுதி ஒரே பிரிவின்மீது குவிவதால் ஏற்படும் சிக்கல் ஆகும். பிற பிரிவுகள் வேலையின்றி இருக்கும்போதே, இந்த ஒரு பிரிவு தன் எல்லையை எட்டி வேண்டுகோள்களை மறுக்கத் தொடங்கும். இதற்குப் பெரும்பாலும் பிரிப்புத் திறவுகோலின் பொருத்தமற்ற தேர்வே காரணம்.

இத்தகைய தரவுத்தளங்களில் ஒன்றான அமேசான் டைனமோடிபி 2012-இல் வெளியானது. இது ஒவ்வோர் உருப்படியின் பிரிப்புத் திறவுகோலையும் ஹாஷ் சார்பில் இட்டு, கிடைக்கும் எண்ணைக் கொண்டு அதனை எந்தப் பிரிவில் வைப்பது என்று முடிவு செய்கிறது. வெவ்வேறு திறவுகோல்களை ஹாஷ் சார்பு நன்கு பரப்பிவிடும். ஆனால் ஒரே திறவுகோலுக்கு எப்போதும் ஒரே விடையையே தரும். ஒரு பிரிவு நொடிக்கு, 1 கிலோபைட்டுக்கு மிகாத 1000 எழுதுதல்களை மட்டுமே ஏற்கும்.

== எடுத்துக்காட்டு ==

உணரிகளின் அளவீடுகளைச் சேமிக்கும் ஓர் அட்டவணையில், தேதி பிரிப்புத் திறவுகோலாகவும் நேரம் வரிசைத் திறவுகோலாகவும் உள்ளன எனக் கொள்வோம். அட்டவணைக்கு நொடிக்கு 4000 எழுதுதல் அலகுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. வருபவையோ 2400 சிறிய எழுதுதல்கள். கணக்கின்படி இது தாராளமாகப் போதும். ஆயினும் இன்றைய அளவீடுகள் அனைத்துக்கும் திறவுகோல் ஒன்றே என்பதால், ஒரு பிரிவே அவற்றைத் தாங்க வேண்டியுள்ளது. நொடிக்கு ஏறத்தாழ 1400 எழுதுதல்கள் `ProvisionedThroughputExceededException` என்னும் பிழையுடன் திரும்பும். பயன்பாட்டு வரைபடம் ஒதுக்கீட்டில் கால் பங்கையே காட்டும்போது இப்பிழை தோன்றுவதுதான் இச்சிக்கலின் தெளிவான அடையாளம். ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கினால் கட்டணம் உயருமே தவிர, மறுப்பு குறையாது.

== தீர்வு ==

தேதியுடன் ஒரு பின்னொட்டு எண்ணைச் சேர்த்துத் திறவுகோலை எட்டாகப் பிரிக்கலாம்:

```
2024-06-01#0
2024-06-01#1
...
2024-06-01#7
```

இப்போது ஒரு திறவுகோலுக்குச் சராசரியாக 300 எழுதுதல்களே வரும். ஆனால் ஒரு நாளின் தரவு முழுவதையும் படிக்க எட்டு வினவல்களை அனுப்பி, விடைகளை ஒன்றிணைக்க வேண்டும். பின்னொட்டைத் தற்போக்காகத் தெரிவு செய்தால், ஓர் உணரியின் பதிவைத் தேடவும் எட்டு இடங்களிலும் பார்க்க நேரிடும். உணரியின் அடையாள எண்ணிலிருந்தே பின்னொட்டைக் கணித்தால் ஒரு வினவல் போதும். உணரிவாரியாக மட்டுமே தரவு தேவைப்படுமெனில், அடையாள எண்ணையே பிரிப்புத் திறவுகோலாக்குவது இதனினும் எளிது.

டைனமோடிபி சூடான பிரிவைத் தானே இரண்டாகப் பிளக்கவும் வல்லது. ஒரே பிரிப்புத் திறவுகோலின் உருப்படிகளைக்கூட வரிசைத் திறவுகோலின்படி பிரித்து வைக்கும். இங்கு அது உதவாது. நேரம் ஏறுமுகமாகவே செல்வதால், எங்கே பிளந்தாலும் புதிய எழுதுதல்கள் அனைத்தும் கடைசித் துண்டிலேயே விழும். ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் எண்ணிகளுக்கும் இது பயன்படாது. தனி உருப்படியைப் பிளக்க இயலாது.

எழுதப்பட்ட உருப்படியின் திறவுகோலை மாற்ற முடியாது என்பதால், பின்னர் திருத்த விரும்புவோர் தரவைப் புதிய திறவுகோல்களுடன் மீண்டும் எழுத வேண்டும்.