செங்குத்துத் தகட்டின் இயற்கை வெப்பச்சலனம்: அடுக்குக்குறி பொருந்தினால் போதுமா?

காற்றில் செங்குத்தாக நிறுத்திய சூடான தகட்டை ஒட்டியுள்ள காற்று சூடேறி, அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. இந்த ஓட்டத்துக்கு வெளியிலிருந்து தரும் வேகம் ஏதும் கிடையாது. ரெனால்ட்ஸ் எண்ணுக்கு இங்கே வேலை இல்லை. மிதப்பு விசையைப் பாகுவிசையோடு ஒப்பிடும் கிராஷாஃப் எண்ணே (Gr) அதன் இடத்தில் நிற்கிறது. அதைப் பிராண்டில் எண்ணால் (Pr) பெருக்கினால் ரேலி எண் (Ra) கிடைக்கும். சீரோட்டத்தில் நுசெல்ட் எண் (Nu) ரேலி எண்ணின் கால் அடுக்கைப் பின்பற்றுகிறது என்பதை லோரென்ஸ் 1881-லேயே காட்டிவிட்டார். இந்தக் கால் அடுக்கு சோதனையில் தென்படுவதையே கொள்கைக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வுக்கூடங்களில் உண்டு. அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

0.30 மீட்டர் உயரமும் அதே அகலமும் கொண்ட இரண்டு தகடுகளின் நடுவே ஒரு மின்சூடேற்றியை வைத்துக்கொள்வோம். வெளிமுகங்கள் 70 °C, சுற்றுக் காற்றும் அறைச் சுவர்களும் 30 °C. காற்றின் பண்புகளை இரண்டுக்கும் நடுவான 50 °C-இல், அதாவது 323 K-இல் எடுக்க வேண்டும். அப்போது இயக்கப் பாகுநிலை 1.80 × 10⁻⁵ மீ²/வி, பிராண்டில் எண் 0.70, விரிவுக்கெழு 323-இன் தலைகீழ்.

```
Gr = g β ΔT L³ / ν² ≈ 1.01 × 10⁸
Ra = Gr · Pr ≈ 7.1 × 10⁷
```

கொந்தளிப்பு ஏறத்தாழ 10⁹-இல்தான் தொடங்கும்; இதே வெப்பநிலைகளில் தகடு 0.7 மீட்டரைத் தாண்டினால்தான் அந்தக் கவலை. எனவே சர்ச்சில், சூ ஆகியோர் 1975-இல் தந்த சீரோட்டச் சமன்பாடு இங்கே பொருந்தும்.

```
Nu = 0.68 + 0.670 Ra^(1/4) / [1 + (0.492/Pr)^(9/16)]^(4/9)
```

இதில் Nu ≈ 48 என வருகிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் 0.028 வாட்/மீ·K என்றால் வெப்பமாற்றுக் கெழு 4.5 வாட்/மீ²·K, சதுர மீட்டருக்கு 179 வாட் வெப்பம் காற்றோடு போகிறது. கால் அடுக்கு தாராள மனம் கொண்டது: ரேலி எண்ணில் 20 விழுக்காடு பிழை நேர்ந்தாலும் கெழுவில் 5 விழுக்காடுதான் மாறும். கணக்கை நம்பலாம்.

இனி அளவீட்டுக்கு வருவோம். தகடு கறுப்பு வண்ணம் பூசியது, உமிழ்திறன் 0.9 என்று கொண்டால், வெப்பநிலையை 70 °C-இல் நிறுத்த ஏறத்தாழ 82 வாட் மின்சாரம் தேவைப்படும். இரு முகங்களின் பரப்பாலும் 40 டிகிரி வேறுபாட்டாலும் வகுத்தால் கெழு 11.4 என்று வரும். கணித்ததைப் போல இரண்டரை மடங்கு. சமன்பாடு தவறவில்லை. மீதி 276 வாட்/மீ² கதிர்வீச்சாகச் சுவருக்குப் போயிருக்கிறது. ரேலி எண்ணுக்குள் உமிழ்திறன் இல்லை. அதனால் அந்த எண்ணால் இதைச் சொல்லவும் முடியாது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். அளவு பொருந்தாவிட்டாலும் அடுக்காவது பொருந்துகிறதா என்று பார்க்க ஆய்வாளர் வெப்பநிலை வேறுபாட்டை 20-லிருந்து 40 டிகிரிக்கு உயர்த்துகிறார். வெப்பச்சலனம் மட்டும் இருந்தால் வெப்ப ஓட்டம் வேறுபாட்டின் 5/4 அடுக்கில், 2.38 மடங்கு கூட வேண்டும். கதிர்வீச்சு மட்டும் இருந்தால் 2.20 மடங்கு. இரண்டும் கலந்த நம் தகட்டில் கூடுவது 2.27 மடங்கு. அதாவது அடுக்கு 1.25-க்குப் பதில் 1.18. சாதாரண அளவீட்டுச் சிதறலில் இந்த வேறுபாடு மறைந்துபோகும். மடக்கைத் தாளில் கோடு ஏறக்குறைய எதிர்பார்த்த சாய்வில் விழுகிறது. ஆய்வாளரும் முன்கெழுவை மட்டும் திருத்தி, புதிய சமன்பாடு என்று எழுதிவிடுகிறார். அவருடைய கோட்டில் பாதிக்கு மேல் காற்றுக்குத் தொடர்பே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. அதே தகட்டை மெருகேற்றிய அலுமினியத்தில் செய்து பார்க்க வேண்டும். உமிழ்திறன் 0.05 அளவுக்கு இறங்கினால் கதிர்வீச்சு 15 வாட்/மீ² ஆகச் சுருங்கும்; மொத்தம் 194. ரேலி எண் துளியும் மாறாதபோது வெப்ப ஓட்டம் பாதிக்கும் கீழே இறங்கினால், முதலில் அளந்தது வெப்பச்சலனம் அல்ல. மூடிய கலமும் வெற்றிடப் பம்பும் இருப்பவர்கள் காற்றழுத்தத்தைக் குறைத்தும் பார்க்கலாம்: ரேலி எண் அழுத்தத்தின் இருமடியில் குறையும், கதிர்வீச்சு அசையாது.

இன்னொரு எல்லையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தகட்டின் மேல்விளிம்பில் எல்லைப்படலத்தின் தடிமன் 2 செ.மீ. அளவே, அதற்குள் காற்றின் உச்ச வேகம் நொடிக்கு மூன்றில் ஒரு மீட்டர். அறையில் அரை மீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே Gr/Re² ஒன்றரைக்கு வந்துவிடும். அதன்பின் அது கலப்புச் சலனம். மின்விசிறி ஓடும் கூடத்தில் எடுத்த அளவீட்டுக்கு இயற்கைச் சலனம் என்ற பெயர் பொருந்தாது.

ஆகவே செங்குத்துத் தகட்டுக்கான புதிய முன்கெழுவை முன்வைக்கும் கட்டுரை, தகட்டின் உமிழ்திறனையும் சுவர் வெப்பநிலையையும் கழித்த கதிர்வீச்சின் அளவையும் சேர்த்துத் தர வேண்டும். இவை இல்லாத கெழுவை ஒப்பீட்டு அட்டவணையில் சேர்க்கக் கூடாது.