30 விநாடி என்னும் எல்லை: பற்கூழ் அழற்சி நிர்ணயத்தில் குளிர்ப் பரீட்சையின் பொருள்

பற்கூழ் அழற்சி மீளத்தக்கதா மீளாததா என்று நிர்ணயிக்கும்போது, குளிரை அகற்றிய பின்னும் வலி 30 விநாடிக்கு மேல் நின்றால் மீளாதது, அதற்குள் அடங்கினால் மீளத்தக்கது என்று கடிகாரத்தைக் கொண்டே பிரித்துவிடும் வழக்கம் நம் பயிற்சிக் கூடங்களில் வேரூன்றிவிட்டது. இவ்வழக்கத்தை ஆதரித்து எழுதுவோர் சான்றாகக் கொள்ளும் மூலம், அமெரிக்க எண்டோடான்டிக் சங்கம் பல் மருத்துவர்களின் உபயோகத்திற்கென 2013இல் வெளியிட்ட நோய் நிர்ணயக் குறிப்பாகும். அம்மூலத்தை நிதானமாகப் படிப்பவருக்கு, அது அத்தகைய எல்லை எதனையும் வகுக்கவில்லை என்பது புலனாகும் என்பதே என் அபிப்பிராயம்.

குளிரோ இனிப்போ பட்டதும் உண்டாகும் கூச்சம், அது விலகிய ஓரிரு விநாடியில் மறைந்துவிடுமானால் அழற்சி மீளத்தக்கது என்கிறது அக்குறிப்பு. மீளாத அழற்சிக்கு அது கூறும் லட்சணங்களோ, பெரும்பாலும் 30 விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் வலி, தூண்டுதலின்றித் தானே எழும் வலி, வேறிடத்திற்குப் பரவும் வலி என்பன. இவ்விரு வருணனைகளும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 3 விநாடி முதல் 29 விநாடி வரை அடங்கும் வலி எதனைச் சேர்ந்தது என்று குறிப்பு எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த இடைவெளி முழுவதையும் மீளத்தக்க அழற்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தவர்கள் பின்வந்த உரைகாரர்களே. அடிக்கடி காணப்படும் ஒரு தன்மையைத் தகுதிக்கான வரம்பாக மாற்றிக்கொண்டதால் நேர்ந்த பிழை இது.

இதனினும் பெரிய குறை, விநாடிக்குக் கணக்குச் சொன்னவர்கள் குளிருக்குக் கணக்குச் சொல்லாமல் விட்டதாகும். டெட்ராஃபுளுரோஈத்தேன் தெளிப்பு ஏறத்தாழ −26 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி உடையது. உறைந்த கரியமிலவாயுக் குச்சி −78 டிகிரி. பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரம் வரையும், அங்கிருந்து வண்டலூர் வரையும் உள்ள சிறு மருத்துவமனைகளிலோ, ஊசி மூடியில் தண்ணீர் நிரப்பி உறையவைத்த பனிக்குச்சியைக் கையாளும் பழக்கம் இன்றும் உண்டு. அது 0 டிகிரியில் உருகத் தொடங்கி, சித்திரை மாதத்து வெயிலில் பல்லைத் தொடுமுன்பே சொட்டத் தலைப்படும். சொட்டிய நீர் ஈறையும் அடுத்த பல்லையும் தொட்டுவிட்டால், பதில் சொல்வது எந்தப் பல் என்பதே சந்தேகமாகிவிடும். குளிரின் அளவும், அது பல்லின்மேல் நின்ற நேரமும் இவ்வளவு வேறுபடும்போது, அதன் பின்விளைவை மட்டும் ஒரே எண்ணால் அளப்பது பொருந்தாது.

நீடிக்கும் வலிக்கு ஏன் மதிப்பளிக்கிறோம் என்பதையும் நினைவுகொள்ள வேண்டும். குளிர் பட்டவுடன் டென்டைன் நுண்குழல்களிலுள்ள திரவம் சட்டென்று வெளிப்புறமாக நகர்வதால், ஏ-டெல்டா நரம்பிழைகள் தூண்டப்பட்டுச் சுள்ளென்ற வலி பிறக்கிறது. இது ஆரோக்கியமான பல்லிலும் உண்டு. பற்கூழின் ஆழத்திலுள்ள சி-இழைகள் எளிதில் விழிப்பவை அல்ல. அழற்சியால் அவை கூர்மை பெற்ற பின்னரே, குளிர் போன பிறகும் விண் விண்ணென்று தெறிக்கும் மந்தமான வலி தங்குகிறது. ஆகவே நாம் தேடுவது ஒரு நேர அளவையன்று, வலியின் சுபாவம் மாறியிருக்கிறதா என்பதையே. அந்த மாற்றத்தை அறிய, அதே வாயிலுள்ள நோயற்ற பல்லைக் காட்டிலும் தகுந்த அளவுகோல் இல்லை.

நம் புறநகர்களில் அடிக்கடி எதிர்ப்படும் வகையைச் சேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்துக்கொள்வோம். சேலையூரிலிருந்து வரும் நடுவயதினர் ஒருவருக்கு வலப்புறக் கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு. அதன் விளிம்பில் புதிய சொத்தை. ஐஸ் வாட்டர் குடித்தால் கூசுகிறது என்பதே அவருடைய முறையீடு. பல்லைப் பஞ்சுருளையால் ஒதுக்கி, துணியால் ஈரம் துடைத்து, முதலில் எதிர்ப்புறத்து நல்ல கடைவாய்ப் பல்லின் கன்னப்புறத்தில் பனிக்குச்சியை வைக்கிறோம். உணர்ந்ததும் கையை உயர்த்தவும், முற்றும் அடங்கியதும் இறக்கவும் சொல்லியிருக்கிறோம். கை உயர்ந்ததும் குச்சியை எடுத்துவிட, 3 விநாடியில் கை இறங்குகிறது. சில நிமிஷம் பொறுத்து, நோயுற்ற பல்லில் அவ்வாறே செய்தால் 14 விநாடி. தட்டிப் பார்த்தால் வலி இல்லை. எக்ஸ்ரேயில் வேர்நுனி சுத்தமாக இருக்கிறது. கடிகார விதிப்படி இது மீளத்தக்கது. சொத்தையை நீக்கி அடைத்து அனுப்பிவிடலாம்.

இவ்விடத்தில்தான் வலியின் வரலாற்றைக் கேட்டறிவது பயன்படுகிறது. இரவில் தூக்கம் கலைந்ததா, படுத்தால் வலி ஏறியதா, சூடான காபிக்கு எப்படி, இன்று மாத்திரை ஏதேனும் விழுங்கினீர்களா என்று விசாரித்தால், முந்தைய இரு இரவுகளும் காதோடு சேர்த்துக் குத்தியதையும், காலையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டதையும் அவர் அப்போதுதான் சொல்வார். வலி மாத்திரை குளிர்ப் பரீட்சையின் பதிலையும் தட்டும் பரீட்சையின் பதிலையும் மழுங்கச் செய்யக்கூடும். மாத்திரையின்றி மறுநாள் சோதித்தால் அதே பல் 40 விநாடி நின்று வலிப்பதைக் காண நேரலாம். காணாவிடினும், 3க்கு 14 என்ற வேறுபாடும் தானே எழுந்த இரவு வலியும் சேர்ந்து நின்றமையால், முதல் நாளே மீளாதது என்ற முடிவின் பக்கம் சாய்வதற்குப் போதிய நியாயம் இருந்தது.

வலியின் லட்சணங்களுக்கும் பற்கூழின் உண்மை நிலைக்கும் சம்பந்தமே அரிது என்று 1963இல் செல்ட்சர், பெண்டர் ஆகியோர் வெளியிட்ட நுண்ணோக்கி ஆராய்ச்சியை எடுத்துக்காட்டி, இவ்வளவு விசாரணையும் வீண் என்று கூறுவோர் உண்டு. 2014இல் ரிக்குச்சியும் அவருடைய துணைவர்களும் செய்த ஆராய்ச்சியில், நோயற்றது அல்லது மீளத்தக்கது என்ற மருத்துவ நிர்ணயம் திசுவோடு 96.6 விழுக்காடும், மீளாதது என்ற நிர்ணயம் 84.4 விழுக்காடும் ஒத்துப்போயின. இவ்வாக்ஷேபத்திற்கு இதற்கு மேல் விடை தேவையில்லை. மின்சாரப் பரீட்சைக் கருவி எண் காட்டுகிறதே என்பாருக்கும் சுருங்கச் சொல்லலாம்: அந்த எண் நரம்பு பதில் சொல்கிறதா என்பதைத் தெரிவிக்குமேயன்றி, அழற்சியின் தரத்தையோ இரத்த ஓட்டத்தையோ தெரிவிக்காது, பற்கூழ் இறந்துவிட்டதா என்று ஐயுறும்போதே அதற்கு வேலை.

ஒப்பு நோக்கும் இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. எதிர்ப்புறப் பல் பிடுங்கப்பட்டோ உறையிடப்பட்டோ இருந்தால் அடுத்த பல்லைத்தான் நாட வேண்டும். வயோதிகரின் பல்லில் பற்கூழறை சுருங்கிக் குளிர் உள்ளே சேராமலே போகலாம். பல வேருள்ள பல்லில் ஒரு வேரின் கூழ் இறந்தும் மற்றொன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். மேலும், மேற்சொன்ன 2014 ஆராய்ச்சியிலேயே, மீளாதது எனப்பட்ட பற்களில் சிதைவு பெரும்பாலும் தலைப்பகுதியின் ஓர் இடத்தில் ஒடுங்கியிருக்க, சற்றுத் தள்ளிய திசு அழற்சியின்றி இருந்தது. ஐரோப்பிய எண்டோடான்டிக் கழகம் 2019இலும் அமெரிக்கச் சங்கம் 2021இலும் உயிர்க்கூழ்ச் சிகிச்சைக்கு இடமளித்த பிறகு, மீளாதது என்ற தீர்ப்பு வேர்ச் சிகிச்சையோடு கட்டாயமாகப் பிணைக்கப்பட்டதன்று. சேலையூர்க்காரரின் பல்லில் சொத்தையை அகற்றித் தலைப்பகுதிக் கூழை நீக்கிய பின், ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்துச் சில நிமிஷங்களில் வேர்வாயின் இரத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்; நின்றால் வேர்க்கூழை விட்டுவைத்து மூடலாம், நில்லாவிடில் வேர்வரை செல்ல வேண்டும். எது நேரும் என்பதைப் பனிக்குச்சி முன்கூட்டிச் சொல்லாது.