பாடக்குறிப்பு

பாடக்குறிப்பு என்பது பாடநூலின் ஒரு பகுதியை ஒரு பாடவேளையில் கற்பிப்பதற்காக ஆசிரியர் முன்கூட்டியே எழுதும் திட்டம் ஆகும். கற்றல் நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு ஆகியன இதன் முதன்மைப் பகுதிகள்.

நோக்கம்

நோக்கம் என்பது மாணவர் செய்து காட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும். "மலைத்தடுப்பு மழையை அறிவர்" என்பதை அளவிட இயலாது. "மலையின் படம் வரைந்து மழைமறைவுப் பகுதியைக் குறிப்பர்" என்பதை அளவிடலாம்.

எடுத்துக்காட்டு

மலைத்தடுப்பு மழைப் பாடத்தைத் தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியில் 40 நிமிடங்களில் கற்பிப்பதாகக் கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பகுதி தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவுப் பகுதி என்பது பாடநூலின் கருத்து. ஆனால் அதே கிழக்குப் பக்கத்திலுள்ள குற்றாலத்தில் சூன் முதல் ஆகத்து வரை சாரல் பெய்வதை மாணவர் அறிவர். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழைவதே இதற்குக் காரணம். எனவே இம்முரண்பாட்டை விளக்குதல் இரண்டாவது நோக்கமாகிறது.

* அறிமுகம் (5 நிமிடம்): சாரல் எத்திசையிலிருந்து வருகிறது என்று வினவுதல்.
* படித்தல் (10 நிமிடம்): பாடப்பகுதியைப் படித்துப் படம் வரைதல்.
* குழுச் செயல்பாடு (18 நிமிடம்): மணலால் மலையும் கணவாயும் அமைத்துக் காற்றின் வழியைக் காட்டுதல்.
* மதிப்பீடு (7 நிமிடம்): ஒவ்வொரு நோக்கத்திற்கும் ஒரு வினா.

மதிப்பீடு

"மழைமறைவுப் பகுதி என்றால் என்ன?" என்ற வினாவுக்கு மனப்பாடமே போதுமானது. "கணவாய் இல்லையெனில் குற்றாலச் சாரல் எவ்வாறு மாறும்?" என்ற வினா புரிதலைச் சோதிக்கும். முதல் வினாவுக்குச் சரியாக விடையளித்த பலர் இரண்டாவதில் தவறினால், மறுநாள் குழுச் செயல்பாட்டை மட்டும் மீண்டும் நடத்துதல் வேண்டும்.