பந்தின் பாரம்: சலனச் சித்திரக் கலையில் கால அளவும் இடைவெளியும் வளர்ந்த வரலாறு

வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு வட்டத்துக்கு எடை இல்லை. அதே வட்டத்தைச் சற்றுச் சற்று இடம் மாற்றி வரிசையாக வரைந்து திரையில் ஓடவிட்டால், காண்போர் அதை ஒரு முறை இரும்புக் குண்டென்றும் மறு முறை காற்றடைத்த பந்தென்றும் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறார்கள். வட்டத்தின் அளவும் நிறமும் கோடும் மாறாதிருக்க, மாறியவை இரண்டே: ஓர் அசைவுக்கு எத்தனை சித்திரங்கள் ஒதுக்கப்பட்டன என்ற கால அளவு ஒன்று, அச்சித்திரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி வைக்கப்பட்டன என்ற இடைவெளி மற்றொன்று. அனிமேஷன் கலைஞர்கள் இவற்றை டைமிங், ஸ்பேசிங் என்பர். இவ்விரண்டும் ஒரே காலத்தில் கலைஞரின் கைக்கு வந்தவையல்ல. முன்னது சங்கீதத்தின் வழியாகவும், பின்னது இயற்கையை உற்று நோக்கிய பயிற்சியின் வழியாகவும் வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

விழும் பொருளின் கணிதம் சித்திரக்காரர்களுக்கு மிக முந்தியது. 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ, விழும் பொருள் அடுத்தடுத்த சம காலப் பகுதிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் அமையும் என்று நிறுவினார். 1886இல் பிரெஞ்சு உடலியலறிஞர் மாரே, துள்ளிச் செல்லும் பந்தொன்றை ஒரே கண்ணாடித் தகட்டில் பலமுறை பதியுமாறு படம் பிடித்தபோது, அவ்விகிதம் கண்ணுக்கே பிரத்தியட்சமாயிற்று: வளைவின் உச்சியில் பந்தின் பிம்பங்கள் நெருங்கிக் குவிந்தும், தரையை அணுக அணுக விலகியும் நின்றன. அத்தகட்டை இன்று பார்ப்பவர், அனிமேஷன் பள்ளியின் முதல் பாடத்தைப் பார்ப்பதாகவே எண்ணுவார். ஆயினும் சித்திரக் கலைஞர்கள் அப்பாடத்தைக் கற்க இன்னும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது.

காரணம் கலைஞர்களின் அறியாமை மட்டுமன்று. எமில் கோல் 1908இல் ஏறத்தாழ 700 சித்திரங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் இருமுறை படம் பிடித்து ‘ஃபாண்டஸ்மகோரி’ என்ற படத்தை உருவாக்கிய காலத்தில், படச்சுருள் எந்த வேகத்தில் ஓடும் என்பதே நிச்சயமில்லாதிருந்தது. புரொஜெக்டரைக் கையால் சுழற்றியவர் அவசரப்பட்டால் படம் விரையும், சோர்ந்தால் மந்தமாகும். பன்னிரண்டு பிரேம்களில் விழ வேண்டும் என்று கலைஞர் முடிவு செய்தாலும், அந்தப் பன்னிரண்டு பிரேம்கள் கொட்டகையில் எத்தனை நேரம் நிற்கும் என்று அவரால் சொல்ல இயலாது. அமெரிக்காவில் 1914இல் ‘கெர்ட்டி’ என்னும் டைனோசரை நடமாடச் செய்த வின்சர் மக்கே, அதன் மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார் என்பர். அவர் கையாண்ட மற்றொரு முறை நம் ஆராய்ச்சிக்கு இன்னும் முக்கியமானது. ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் வரைந்து, பின் அவற்றின் நடுவையும், பின் நடுவுகளின் நடுவையும் வரைந்துகொண்டு போவதே அம்முறை. உழைப்பை ஒழுங்குபடுத்துவதற்கு இது சிறந்த உபாயம். ஆனால், எல்லாப் பகுதிகளையும் இப்படிச் சரிபாதியாகவே பிரித்தால் சித்திரங்கள் சம இடைவெளியில் அமையும். சம இடைவெளியில் இறங்கும் பந்து விழுவதில்லை, யாரோ கையில் பிடித்து இறக்குவதுபோல் இறங்குகிறது.

கால அளவை நிலைநிறுத்தியது ஒலியே. பேசும் படம் வந்து, ஒலியின் சுருதி பிசகாதிருக்கும் பொருட்டு வேகம் வினாடிக்கு 24 பிரேம் என்று நிர்ணயிக்கப்பட்டபோது, ஒவ்வொரு பிரேமும் வினாடியின் 24இல் ஒரு பங்கு என்ற உறுதியான நாணயமாயிற்று. 1928 நவம்பரில் வெளியான டிஸ்னியின் ‘ஸ்டீம்போட் வில்லி’யும் அதைத் தொடர்ந்த படங்களும் தாளத்துக்கு இசைய அசைவுகளை வகுத்துக்கொண்டன. பன்னிரண்டு பிரேமுக்கு ஒரு தட்டு என்றால் நிமிஷத்துக்கு 120 தட்டு. எந்தப் பிரேமில் எந்தச் சித்திரம் என்று காட்டும் அட்டவணைத் தாளில் இசையும் அசைவும் ஒருங்கே எழுதப்பட்டன. ஆகவே எத்தனை பிரேம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. அக்காலத்துப் பாத்திரங்கள் தாளம் தவறாமல் குதித்தும் ரப்பர்க் குழாய்களைப் போல் பாரமற்றிருப்பதன் காரணம் இதுவே என்பது என் கருத்து.

இடைவெளியின் பாடம் 1930களில் தொடங்குகிறது. 1932இல் டிஸ்னி நிலையத்தில் டான் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியரின் வகுப்புகள் ஆரம்பமாயின. கலைஞர்கள் உயிருள்ள மனிதரையும் மெதுவாக ஓட்டிய படச்சுருள்களையும் பார்த்து அசைவை ஆராயலாயினர். வரைந்த பென்சில் கோடுகளை மை தீட்டுமுன்பே படமெடுத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கமும் அப்போதே வேரூன்றியது. தவறு உடனே தெரிந்தது, உடனே திருத்தப்பட்டது. கலைஞர் முக்கியச் சித்திரங்களை மட்டும் தாம் வரைந்து, இடைச் சித்திரங்களை உதவியாளருக்கு விடும்போது, தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து அதில் சிறு குறிகளிட்டு, ‘இது பாதி, இது கால், இது அரைக்கால்’ என்று இடைவெளியைக் குறித்துக் கொடுப்பார். உச்சியை நோக்கி மேலும் மேலும் பாதியாக்கினால் சித்திரங்கள் உச்சியில் நெருங்கும். பந்து மேலே சற்றுத் தயங்கி, பின் விரைந்து விழும்.

இங்கே ஒரு சுவையான ஒற்றுமை இருக்கிறது. ஒரு பந்து விழும் உயரத்தைப் பதினாறு பங்காக்கி நான்கு சித்திரங்களில் விழச் செய்வோம். கலிலியோவின் விதிப்படி அது உச்சியிலிருந்து 1, 4, 9, 16 ஆம் பங்குகளில் இருக்க வேண்டும். உதவியாளரின் பாதிக் கணக்கோ 2, 4, 8, 16 என்கிறது. வேற்றுமை ஒரு பங்குக்கு மேல் எங்கும் இல்லை. சித்திரத்துக்கு இரண்டு பிரேமாகப் பிடித்தால் இது எட்டுப் பிரேம், அதாவது வினாடியில் மூன்றிலொரு பங்கு. அந்நேரத்தில் உண்மைப் பந்து விழுவது ஏறக்குறைய 54 சென்டிமீட்டர். ஆகவே கைக்கெட்டும் உயரத்துத் துள்ளலுக்குக் கணிதமறியாத பாதிக் கணக்கே போதுமானதாயிற்று. ஆனால் ஆறு சித்திரங்களுக்கு அதை நீட்டினால் நிலைமை மாறுகிறது: கடைசிச் சித்திரத்துக்கு முன் இயற்கைப் பந்து ஏறத்தாழ ஏழு பத்திலொரு பங்கு தூரம் வந்திருக்க, பாதிக் கணக்கின் பந்து பாதித் தூரமே வந்திருக்கும். அது உச்சியில் நெடுநேரம் தொங்கிப் பின் திடீரென்று தரையில் மோதும். கார்ட்டூன்களில் பாறையின் விளிம்பைக் கடந்தவன் சிறிது நேரம் அந்தரத்தில் நின்ற பின்பே விழுவதை வேடிக்கையாக ஏற்கிறோம். அந்த ரசனைக்கு இந்தப் பாதிக் கணக்கும் ஓரளவு நம்மைப் பழக்கியிருக்கலாம்.

இனிப் பாரத்துக்கு வருவோம். கனமான பந்து வேகமாக விழும், லேசானது மெதுவாக விழும் என்ற எண்ணம் மாணவருக்கு இயல்பாகவே தோன்றுகிறது. அதன்படி இரும்புக் குண்டுக்குக் குறைந்த பிரேம்களும் ரப்பர்ப் பந்துக்கு அதிகப் பிரேம்களும் கொடுத்து, இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார். காற்றின் தடை அற்பமாயிருக்கும் வரையில், பன்னிரண்டு பிரேம்களில் எந்தப் பந்தும் விழுவது சுமார் 1.2 மீட்டர்தான். முதல் வீழ்ச்சி எடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தரையைத் தொட்ட பின்பு நிகழ்வதே சொல்கிறது.

டென்னிஸ் விதிகள் இதற்கு நல்ல அளவைத் தருகின்றன. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் விட்ட பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். உயரம் பாதிக்குச் சற்று மேல் என்றால், காலம் அதன் வர்க்கமூலம், ஏறக்குறைய முக்கால் ஆகும். எனவே பன்னிரண்டு பிரேம்களில் விழுந்த டென்னிஸ் பந்து ஒன்பது பிரேம்களில் எழுந்து ஒன்பதில் விழும்; அடுத்த துள்ளலில் ஏழும் ஏழும், பின் ஐந்தும் ஐந்தும். மேஜைப் பந்தோ, 30.5 சென்டிமீட்டரிலிருந்து எஃகுத் தளத்தில் விழுந்தால் 24 முதல் 26 வரை எழுவது. அதன் காலக் குறைவு பத்திலொரு பங்குதான். ஆகவே பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது என்று அது ஓயாமல் துள்ளும். மரத்தரையில் விழும் இரும்புக் குண்டுக்குக் கலைஞர் பன்னிரண்டுக்குப் பின் மூன்று பிரேம் ஏற்றமும் மூன்று பிரேம் இறக்கமும் கொடுக்கட்டும். காலம் கால் பங்கானால் உயரம் பதினாறிலொரு பங்கு, அதாவது ஏழரை சென்டிமீட்டர். அதற்குப் பின் ஓர் அதிர்வு, பிறகு உருளல். மூன்று பந்துகளின் முதல் வீழ்ச்சியும் ஒன்றே. ஆனால் தரையைத் தொட்ட அரை வினாடிக்குள் எது எதுவென்று குழந்தையும் சொல்லும்.

பலூனின் நியாயம் வேறு. காற்று அதை விரைவில் தடுத்துவிடுவதால், முதற் சில சித்திரங்களில் மட்டும் இடைவெளி வளர்ந்து, பிறகு சமமாகிவிடும். எடையில்லாமையின் அடையாளம் மெதுவான வீழ்ச்சி மட்டுமன்று. வேகம் வளராத வீழ்ச்சி. அதேபோல், பந்து வீடளவு பெரியதென்று நம்பச் செய்ய வேண்டுமானால் வீழ்ச்சியின் காலத்தைக் கூட்ட வேண்டும்: பத்து மீட்டர் விழ 34 பிரேம் ஆகும். அப்போதும் இடைவெளி தொடர்ந்து வளர வேண்டும். இல்லையேல் பெரிய பந்து பலூனாகிவிடும்.

தரையில் பந்தைத் தட்டையாக்கும் வழக்கம் பாரத்தைக் காட்டுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது காட்டுவது மென்மையை. இரும்புக் குண்டு தட்டையானால் அது களிமண்ணாகிவிடும். தரையைத் தொடும் சித்திரமோ எந்தப் பந்துக்கும் அவசியம். உண்மைப் பந்து தரையைத் தொட்டிருப்பது வினாடியில் ஆயிரத்திலொரு பங்குகள் சிலவே. ஒரு பிரேமோ அத்தகைய பங்குகள் 42 கொண்டது. அதனால் காமிராவில் பிடித்த பந்து பல வேளைகளில் எந்தப் பிரேமிலும் தரையைத் தொடுவதில்லை. அதை அப்படியே நகலெடுத்த கலைஞரின் பந்து காற்றிலேயே திரும்புவதாகத் தோன்றும். இங்கே கலை, இயற்கையைக் காட்டிலும் உண்மையாயிருக்க வேண்டியிருக்கிறது.

1981இல் டிஸ்னி நிலையத்து முதிய கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தம் தொழிலின் பன்னிரண்டு கோட்பாடுகளை நூலாக எழுதினர். 1987இல் ஜான் லாஸெட்டர் அவற்றைக் கம்ப்யூட்டர்ச் சித்திரங்களுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை வாசித்தார். கம்ப்யூட்டர் இடைச் சித்திரங்களைத் தானே நிரப்புகிறது; நிரப்பும்போது, வேறு கட்டளை இல்லாவிடில், இரு நிலைகளையும் வழவழப்பான வளைவால் இணைத்து, இரு முனையிலும் வேகத்தைத் தணிக்கிறது. உச்சியில் அது சரி. தரையில் அதுவே பெருங்குற்றம். பந்து மோதுமுன் தயங்குகிறது, தண்ணீருக்குள் இறங்குவதுபோல் இறங்குகிறது. பழைய உதவியாளரின் குறிக்கோடு தரைப்பக்கம் குறிகளைத் தூரத் தூர வைத்ததன் பொருளைக் கம்ப்யூட்டர் அறியாது. ஆதலால், தரையைத் தொடும் இடத்தில் வளைவை முறித்துக் கூர்முனையாக்கி, மோதலுக்கு முந்திய இடைவெளியே அவ்வீழ்ச்சியின் மிகப் பெரிய இடைவெளியாகவும், அதற்குப் பிந்தியது அதனினும் சிறியதாகவும் இருக்கிறதா என்று வரைபவர் தாமே சரிபார்க்க வேண்டும். எவ்வளவு சிறியது என்பதைப் பொறுத்தே அந்தப் பந்து இரும்பா, ரப்பரா என்று அமையும்.