ஒரு புறாவும் பத்தொன்பது வரிகளும்

வில்லனெல் என்ற வடிவத்தைப் பழம்பெரும் பிரெஞ்சு மரபு என்றுதான் பல கவிதைக் கையேடுகள் அறிமுகம் செய்கின்றன. கிராமத்து உழவர்கள் ஆடிப்பாடிய பாட்டு, இடைக்காலத்தில் உருவான கட்டுக்கோப்பு என்றெல்லாம் எழுதியிருக்கும். இதில் பாதிதான் உண்மை. பெயர் பழையது. இத்தாலியில் ‘வில்லனெல்லா’ என்றால் நாட்டுப்புற நடையில் அமைந்த பாட்டு. பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எத்தனை வரி, எது எங்கே திரும்ப வரும் என்ற விதி எதுவும் அப்போது கிடையாது. ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள்.

அவர்களில் ஒருவர் ழான் பாஸெரா. பாரிசில் லத்தீன் பேராசிரியர். தொலைந்துபோன காட்டுப்புறாவைத் தேடிப் புலம்பும் ஒரு கவிதை எழுதினார். அதில் பத்தொன்பது வரிகள், மாறி மாறித் திரும்பும் இரண்டு வரிகள். அவர் 1602இல் இறந்தார், கவிதை 1606இல் அச்சானது. அதே அமைப்பை அவர் காலத்தில் வேறு யாரும் பின்பற்றவில்லை. அதாவது அது ஒரு வடிவம் இல்லை, ஒரே ஒரு கவிதை, அவ்வளவுதான்.

பிறகு வந்த யாப்பு நூல்காரர்கள் அந்த ஒற்றைக் கவிதையைப் பார்த்து, இதுதான் வில்லனெல்லின் இலக்கணம் என்று எழுதிவைத்தார்கள். 1844இல் வில்ஹெல்ம் தெனான் அதைத் தொன்மையான வடிவமாகவே முன்வைத்தார். தியோடோர் தெ பான்வில் அந்த அமைப்பில் எழுதினார், 1872இல் தன் யாப்பு நூலிலும் சேர்த்தார். 1877இல் எட்மண்ட் காஸ் ஒரு கட்டுரை வழியாக ஆங்கிலக் கவிஞர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தார். ஜூலி கேன், அமாண்டா ஃபிரெஞ்ச் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் குளறுபடியைப் பின்னால் அவிழ்த்துக் காட்டினார்கள். இல்லாத மரபை இருப்பதாக நம்பி, அந்த நம்பிக்கையாலேயே மரபை உண்டாக்கியிருக்கிறார்கள்.

விதி இதுதான். ஐந்து மூவரிகள், கடைசியில் ஒரு நால்வரி. முதல் வரி 6, 12, 18ஆம் வரிகளாகத் திரும்பும். மூன்றாம் வரி 9, 15, 19ஆம் வரிகளாகத் திரும்பும். கவிதை முழுக்க இரண்டே இயைபு. கட்டு வடிவங்களுக்கான ஒரு எழுத்துப் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு இதைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். கூடவே ஒரு நிபந்தனை: திரும்பும் வரியில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது.

எலிசபெத் பிஷப்புக்கு இந்த நிபந்தனை இல்லை. 1976இல் வெளிவந்த ‘ஒன் ஆர்ட்’ கவிதையில் ஒரு வரி கடைசி முறை மட்டும் சற்றே மாறி, மற்றபடி அப்படியே திரும்புகிறது. இன்னொன்றில் கடைசிச் சொல் மட்டுமே நிலைக்கிறது, மற்றதெல்லாம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. டிலன் தாமஸ் 1951இல் வெளியிட்ட, சாகக்கிடக்கும் தந்தையைப் பார்த்துப் பேசும் கவிதையில் ரெண்டு வரியும் அட்சரம் பிசகாமல் திரும்புகின்றன. அப்படியும் ஏன் சலிக்கவில்லை? ஆங்கிலத்தில் ‘போ’ என்ற ஏவலும் ‘அவர்கள் போகிறார்கள்’ என்பதன் வினையும் ஒரே உருவம். முதல் பத்தியில் கட்டளையாக இருக்கும் வரி, நடுவில் அறிஞர்களும் நல்லவர்களும் செய்வதைச் சொல்லும் செய்தியாகிறது. கடைசியில் மகன் தந்தையிடம் வைக்கும் மன்றாட்டாகிறது. வரி மாறவில்லை, அதன் இலக்கணம் மாறுகிறது.

தமிழில் அந்த வசதி இல்லை. நம் வாக்கியம் வினைமுற்றில் கதவைச் சாத்திவிடும். ‘கூரை சொட்டியது’ என்று எழுதினால் அந்த வரிக்குப் பின்னால் எதுவும் ஒட்டாது. நாலு முறை வந்தால் நாலு முறையும் அதே முற்றுப்புள்ளிதான். வாசிக்கிறவருக்கு மூன்றாவது முறையே ‘சரி, புரிஞ்சுது’ன்னு தோணிடும்.

வழி ‘செய்யும்’ என்ற வாய்பாட்டில் இருக்கிறது. ‘கூரை சொட்டும்’ என்பது முற்று. ‘கூரை சொட்டும் ஓசை’ என்றால் அதே சொல் பெயரெச்சம். தனியாக நின்றால் ‘வழக்கமாகச் சொட்டும்’ என்றும் பொருள், ‘இனிமேல் சொட்டும்’ என்றும் பொருள். ஒரே உருவத்தில் மூன்று வேலை. வில்லனெல்லில் திரும்பும் வரி பத்தியின் கடைசியில் வருவதால், அடுத்த பத்தியின் முதல் சொல்லை வைத்து அதன் வேலையை மாற்றலாம். நான் எழுதியது இது:

மழை விட்ட பின்னும் கூரை சொட்டும்
அம்மா இல்லாத ஓட்டு வீடு
காற்று வந்து கதவைத் தட்டும்

விற்றால் என்ன, விலை படியட்டும்
என்கிறான் அண்ணன். சுவரில் கோடு
மழை விட்ட பின்னும் கூரை சொட்டும்

ஓசைக்குக் கீழே கிண்ணம் மட்டும்
நிரம்பி வழியும். மேலே உடைந்த ஓடு
காற்று வந்து கதவைத் தட்டும்

போதெல்லாம் நாய் எழுந்து வாலாட்டும்
பால்கணக்கு எழுதிய பழைய ஏடு
மழை விட்ட பின்னும் கூரை சொட்டும்

இடத்தில் நனைந்து தாளோடு தாள் ஒட்டும்
பிரித்தால் கிழியும் காகிதக் கூடு
காற்று வந்து கதவைத் தட்டும்

பத்திரம் நாளை கையெழுத்தாகட்டும்
இன்றிரவு எனக்கொரு பாயைப் போடு
மழை விட்ட பின்னும் கூரை சொட்டும்
காற்று வந்து கதவைத் தட்டும்

6ஆம் வரியில் ‘சொட்டும்’ முற்றுபோல நிற்கிறது. அடுத்த பத்தி ‘ஓசைக்கு’ என்று தொடங்கியதும் பெயரெச்சமாகிவிடுகிறது. 9ஆம் வரி ‘போதெல்லாம்’ என்பதோடு சேர்ந்து, காற்று தட்டினாலும் யாரோ வந்ததாக நினைக்கும் நாயைக் கொண்டுவருகிறது. 12ஆம் வரி ‘இடத்தில்’ என்பதோடு சேர்ந்து ஏட்டை நனைக்கிறது. கடைசி இரண்டு வரிகளில் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் ‘இன்றிரவு’ என்ற சொல் முன்னால் வந்துவிட்டதால், அவை எதிர்காலமாகக் கேட்கின்றன. இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் அது சொட்டும், தட்டும். நாளைக்கு வீடு வேறு யாருடையதோ.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ‘செய்யும்’ முற்று இன்றைய தமிழில் அஃறிணைக்குத்தான் வரும். கூரை சொட்டும், காற்று தட்டும், நாய் வாலாட்டும். அம்மா ‘தட்டுவாள்’, அதைப் பெயரெச்சமாக்க முடியாது, இயைபும் உடையும். ஆகவே திரும்பும் வரிகளுக்குள் அம்மாவைக் கொண்டுவர வழியே இல்லை. முழுக் கவிதையிலும் அவள் எழுவாயாக வந்து செய்யும் வினை ஒன்றுகூடக் கிடையாது. ‘எழுதிய’ என்ற எச்சத்தில்கூட எழுதியவள் பெயர் இல்லை. துக்கத்தை அடக்கிச் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிட்டதால் வந்ததல்ல இது. அந்த வாய்பாடு அவளை உள்ளே விடவில்லை.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. திரும்பும் வரிகளை விரலால் மறைத்துவிட்டு மீதியை மட்டும் படியுங்கள். பொருள் குறையாமல் ஓடினால் அந்த வரிகள் வெறும் பல்லவி. ‘ஓசைக்கு’, ‘போதெல்லாம்’, ‘இடத்தில்’ என்று பத்திகள் தலையில்லாமல் தொங்கினால், வரி அங்கே ஏதோ சுமக்கிறது என்று அர்த்தம்.

பாஸெராவின் புறாக் கவிதையிலும் வரிகள் திரும்புவது விதிக்காக அல்ல. தேடுகிறவன் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுவான், கேட்கிறவர் மாறிக்கொண்டிருப்பார். விதி பிறகு வந்தவர்கள் எழுதியது.