நிக்காஹ் படம் யாருக்குச் சொந்தம்? போஸ்டரில் போடும் முன் அறிய வேண்டியவை

நிக்காஹ் மேடையில் எடுத்த படம் மறுநாள் முகநூலில் வருகிறது. சில நாட்களில் அதே படம் பிரியாணி சமைத்தவரின் விளம்பரப் போஸ்டரில் இருக்கிறது. இன்னொரு படம் ஸ்டூடியோ வாசலில் பெரிதாகத் தொங்குகிறது. பெண் வீட்டார் மனம் வருந்துகிறார்கள். ஆனால் யார் யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரிவதில்லை. இந்தியாவில் இதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தீர்மானிக்கிறது.

பொது விதி இதுதான்: படத்தில் இருப்பவர் அல்ல, படத்தை எடுத்தவரே அதன் உரிமையாளர். படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடும். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படத்தின் மேல் பெயர் பொறிக்க வேண்டியதுமில்லை. பெயர் இல்லாத படம் பொதுச்சொத்து என்று நாம் நினைப்பது தவறு.

இந்த விதிக்கு முக்கியமான விலக்கு ஒன்று 17ஆம் பிரிவில் உள்ளது. ஒருவர் பணம் கொடுத்து, தனக்காகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர்.

ஓர் எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். மணமகளின் தந்தை ஒரு ஸ்டூடியோவை அமர்த்திக் கூலி கொடுத்தார். அதே மேடையை மாப்பிள்ளையின் நண்பரும் தன் கைபேசியில் படம் எடுத்தார். ஸ்டூடியோ எடுத்த படங்களின் பதிப்புரிமை மணமகளின் தந்தைக்கு உரியது. அவர் அனுமதியின்றி ஸ்டூடியோ அவற்றைத் தன் விளம்பரத்தில் போட முடியாது. ஆனால் அவர் கையெழுத்திட்ட ஆர்டர் படிவத்தில், 'படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கே' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தால் நிலைமை மாறிவிடும். எனவே முன்பணம் கொடுக்கும் முன் படிவத்தைப் படியுங்கள். 'எங்கள் எழுத்து அனுமதியின்றி எந்தப் படத்தையும் விளம்பரத்திலோ சமூக ஊடகத்திலோ வெளியிடக் கூடாது' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமை குடும்பத்திடம் இருந்தாலும், படைப்பாளர் என்று உரிமை கோர 57ஆம் பிரிவு படம் எடுத்தவருக்கு இடம் தருகிறது. அவர் பெயரை வெட்டிவிட்டு வெளியிடுவதோ, அவர் மதிப்பு கெடும்படி படத்தைச் சிதைப்பதோ கூடாது.

நண்பர் எடுத்த படத்தின் நிலை வேறு. அவர் கூலி வாங்கவில்லை. எனவே அது அவருக்கே சொந்தம். சமையல்காரர் அதைப் போஸ்டரில் போட விரும்பினால் மாப்பிள்ளையின் சம்மதம் மட்டும் போதாது, நண்பரின் அனுமதியும் வேண்டும். நண்பர் அதை முகநூலில் எல்லோரும் காணும்படி போட்டிருந்தாலும் விதி இதுவே. அவர் முகநூல் நிறுவனத்துக்குத் தந்த அனுமதி, அதைப் பார்க்கும் அனைவருக்கும் தந்த அனுமதி ஆகாது.

அதேபோல் நண்பரின் அனுமதி மட்டும் இருந்தாலும் போதாது. ஒருவரின் உருவத்தை அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று 1994ல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, எடுத்தவர், படத்தில் இருப்பவர் என இருவரிடமும் கேட்க வேண்டும்.

அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நண்பர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவே அதை வாங்கலாம்: 'பாய், நீங்கள் எடுத்த மேடைப் படத்தை எங்கள் கேட்டரிங் போஸ்டரிலும் முகநூல் பக்கத்திலும் ஓராண்டு போடலாமா? கீழே உங்கள் பெயர் இருக்கும்.' எந்தப் படம், எங்கே, எவ்வளவு காலம் என்ற மூன்றும் இதில் உள்ளன. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என எடுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வந்த பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

'நன்றி: கூகுள்' என்று போடுவது அனுமதி ஆகாது. கூகுள் படத்தைத் தேடித் தருகிறதே தவிர, அதன் உரிமையாளர் அல்ல. செய்தி வெளியிடுவோருக்கும், சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வோருக்கும் 52ஆம் பிரிவில் சில சலுகைகள் உண்டு. விளம்பரப் போஸ்டர் அவற்றுள் அடங்காது. உரிமையாளர் நீதிமன்றம் சென்றால் தடையாணையும் இழப்பீடும் பெறலாம். தெரிந்தே மீறுவது குற்ற வழக்காகவும் ஆகலாம்.

மார்க்கத்தின் பார்வையிலும் இது சிறிய விஷயம் அல்ல. 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. பிறர் உழைத்து எடுத்த படமும் அந்த வகையில் சேரும் என்றே நாம் கருதுகிறோம். கேட்காமல் ஏற்கெனவே போட்டுவிட்டோம் என்றால், முதலில் அதை நீக்கிவிட்டு, பிறகு உரியவரிடம் பேசுவோம்.