கைவர்க்கத்தில் கை எது?

புள்ளியியல் வகுப்புகளில் கொடுக்கிற பயிற்சித் தாளில் ‘கைவர்க்கச் சோதனை’ என்ற தலைப்பை முதன்முதலாகப் பார்க்கும் மாணவரை அதன் இரண்டு சொற்களுமே தடுமாற வைக்கும். கை என்றால் கரம். வர்க்கம் என்றால் தொழிலாளர் வர்க்கமும் நினைவுக்கு வரும். இரண்டும் இங்கே பொருந்தாது. இந்தக் ‘கை’ χ என்ற கிரேக்க எழுத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் உச்சரிப்பு. அந்த ஒலியைத் தமிழில் எழுதினோம், நம் சொந்தச் சொல் ஒன்றின் உருவம் கிடைத்துவிட்டது. வர்க்கம் என்பது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது.

அப்படியானால் முதலில் கையைக் கண்டுபிடித்து, பிறகுதானே அதை வர்க்கப்படுத்த வேண்டும்? நல்ல மாணவர்கள் இதைக் கேட்பார்கள். தாளில் அப்படி ஒரு படியே இருக்காது. நேரடியாக χ² தான் வரும். காரணம், பெயர் பிறந்த இடத்தில் இருக்கிறது. 1900இல் இங்கிலாந்தின் கார்ல் பியர்சன், பல மாறிகள் ஒன்றாகச் சேர்ந்த இயல்நிலைப் பரவலை எழுதும்போது அதன் அடுக்கில் –½χ² என்று குறித்தார். விலகல்களின் வர்க்கங்களால் ஆன ஒரு முழுக் கோவைக்கு அவர் சூட்டிய சுருக்கம் அது. கோவை வர்க்கங்களால் ஆனதால் குறியீடும் வர்க்கத்தோடே பிறந்தது. தனியான கைக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

பயிற்சித் தாளில் வரக்கூடிய ஒரு சின்னப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக அமைத்தவை. நூறு மாணவர்களிடம், காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

| | சாப்பிட்டவர் | சாப்பிடாதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| வீட்டிலிருந்து வருவோர் | 36 | 24 | 60 |
| விடுதியில் இருப்போர் | 14 | 26 | 40 |
| மொத்தம் | 50 | 50 | 100 |

இப்படிப்பட்ட பட்டியலுக்கு ஆங்கிலத்தில் கண்டின்ஜென்சி டேபிள் என்று பெயர். அரசாங்கத்தில் கண்டின்ஜென்சி ஃபண்ட் என்றால் எதிர்பாராச் செலவு நிதி. அந்தப் பொருளை இங்கே கொண்டுவந்தால் பட்டியல் புரியாது. லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒன்றையொன்று தொடுவது என்று பொருள். 1904இல் பியர்சன் அதைப் புள்ளியியலுக்கு எடுத்தபோது, இரண்டு வகைப்பாடுகள் சார்பற்ற நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதற்கே அந்தப் பெயரை வைத்தார். அளக்கப்பட்ட பொருளின் பெயர் பிறகு அளக்கும் பட்டியலுக்கு ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால் ‘தொடர்புப் பட்டியல்’ என்றே தமிழில் சொல்லலாம். மூலச் சொல்லின் தொடுதலும் அதில் இருக்கிறது.

சார்பின்மை என்ற சொல்லுக்கும் இங்கே திட்டவட்டமான கணக்கு உண்டு. நூறு பேரில் சாப்பிட்டவர் பாதி. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் வீட்டிலிருந்து வரும் 60 பேரிலும் பாதி, அதாவது 30 பேர் சாப்பிட்டிருக்க வேண்டும். வரிசை மொத்தத்தையும் நிரல் மொத்தத்தையும் பெருக்கி முழு மொத்தத்தால் வகுத்தால் வருவதும் இதே 30 தான். இப்படியே மற்றக் கட்டங்களுக்கு 30, 20, 20 என்று எதிர்பார்ப்பு எண்கள் கிடைக்கும். உண்மையில் எண்ணியது ஒவ்வொரு கட்டத்திலும் இதிலிருந்து 6 கூடியோ குறைந்தோ இருக்கிறது. ஆறின் வர்க்கம் 36. அதை அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்தால் 1.2, 1.2, 1.8, 1.8. கூட்டினால் χ² = 6.

இந்த ஆறு பெரிதா, சிறிதா? இதற்கு விடை சொல்வதில்தான் பியர்சனே தவறினார். அவர் கணக்கில் கட்டங்கள் நான்கு, மொத்தம் 100 என்பது நிலையானதால் ஒன்றைக் கழிக்க, சுதந்திரமாக மாறக்கூடியவை மூன்று. மூன்றுக்கு உரிய எல்லை, ஐந்து சதவீத அளவில், 7.815. ஆறு அதற்குக் கீழே. ஆகவே தொடர்பு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று முடிவு வரும். 1922இல் ரொனால்டு ஃபிஷர் இதை மறுத்தார். எதிர்பார்ப்பு எண்களை இந்தப் பட்டியலின் ஓர மொத்தங்களிலிருந்தே எடுத்திருக்கிறோம். ஓரங்கள் நிலைத்துவிட்டால், 36 என்ற ஒரு கட்டத்தை நிரப்பியதுமே மற்ற மூன்றும் தாமாக நிரம்பிவிடும். சுதந்திரமாக மாறக்கூடியது ஒன்றே ஒன்று. இந்த எண்ணிக்கைக்கு இயந்திரவியலில் பழகிய ‘டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடம்’ என்ற பெயரை அவர் கொண்டுவந்தார். ஒன்றுக்கு உரிய எல்லை 3.841. ஆறு அதைத் தாண்டுகிறது. அதே பட்டியல், அதே ஆறு, முடிவு மட்டும் தலைகீழ்.

பியர்சன் இதை ஏற்கவில்லை. காற்றாலையோடு சண்டை போட்ட டான் குவிக்ஸாட்டோடு ஃபிஷரை ஒப்பிட்டு எழுதினார். ஆனால் இது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். தொடர்பே இல்லாத நிலையில் χ²-இன் சராசரி, சுதந்திரமாக மாறக்கூடியவற்றின் எண்ணிக்கைக்குச் சமமாக வரும். பியர்சன் சொன்னது சரியென்றால் 3, ஃபிஷர் சொன்னது சரியென்றால் 1. தற்செயலாக உருவாக்கிய ஏறக்குறைய 12,000 நான்கு கட்டப் பட்டியல்களை வைத்து 1926இல் ஃபிஷர் கணக்கிட்டார். சராசரி 1-ஐ ஒட்டியே வந்தது. அந்தப் பட்டியல்களை வெளியிட்டிருந்தவர் பியர்சனின் மகன் எகான் பியர்சன்.

கைக்குத் தனியே வேலையில்லை என்றேன். நான்கு கட்டப் பட்டியலில் மட்டும் அது வெளியே தலைகாட்டும். வீட்டிலிருந்து வருவோரில் சாப்பிட்டவர் 0.60 பங்கு, விடுதியில் 0.35 பங்கு. இரண்டு பங்குகளின் வேறுபாட்டை அதன் திட்டப் பிழையால் வகுக்கும் சோதனையைச் செய்தால் 2.449 வரும். அதன் வர்க்கம் 6. எல்லைகளும் அப்படியே: 1.96-இன் வர்க்கம்தான் 3.84.

பெயர் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆர் மென்பொருளில் இந்தப் பட்டியலைக் கொடுத்தால் χ என்ற எழுத்தே வராது.

```
chisq.test(matrix(c(36,14,24,26), 2))
```

திரையில் `X-squared = 5.0417` என்று வரும். கிரேக்க எழுத்து ஆங்கில எக்ஸ் ஆகிவிட்டது. எண்ணும் ஆறாக இல்லாததைப் பார்த்துக் கையால் போட்ட கணக்கை அடித்துவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிக்க வேண்டாம். 1934இல் ஃபிராங்க் யேட்ஸ் சொன்ன திருத்தத்தை மென்பொருள் தானாகவே சேர்த்துவிடுகிறது: ஒவ்வொரு விலகலையும் 6-க்குப் பதில் 5.5 என்று எடுக்கிறது. `correct = FALSE` என்று சேர்த்தால் ஆறு திரும்பி வந்துவிடும்.

திரை எச்சரிக்காத ஒரு தவறும் உண்டு. கட்டங்களில் சதவீதத்தை நிரப்பக் கூடாது. இதே விகிதத்தில் 200 பேரைக் கேட்டிருந்தால் χ² 12 ஆகியிருக்கும், 50 பேர் என்றால் வெறும் 3. சதவீதம் எழுதினால் இந்த வித்தியாசம் அழிந்துவிடும். கட்டத்தில் இருக்க வேண்டியவை தலைகளின் எண்ணிக்கை.

தமிழில் இந்தத் தாளைத் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைப்பில் ‘கை’ என்று எழுதும் இடத்தில், பக்கத்திலேயே χ என்ற எழுத்தை ஒருமுறை பெரிதாக எழுதிக் காட்டுங்கள்.